பழைய நம்பரில் வந்த அழைப்பு

திருவனந்தபுரம் கரமனையில் கல்யாணராம வாத்தியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியும் என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறவர்களும் கிடையாது. அவர் பார்த்தது அபரக் காரியம். ஒரு வீட்டில் யாராவது போய்விட்டால்தான் அவருக்கு போன் வரும். கல்யாணம், பூணூல், கிரகப்பிரவேசம் என்றால் அதற்கு வேறு வாத்தியார்கள் இருக்கிறார்கள். பட்டு வேஷ்டியும் ஜவ்வாது வாசனையுமாக ஸ்கூட்டரில் போவார்கள். காலையில் வாசலில் இவர் தலை தெரிந்தால் சட்டென்று உள்ளே எதையோ மறந்துவிட்டதாகத் திரும்பிப் போகும் மனிதர்கள்தான், தங்கள் வீட்டில் ஒன்று ஆகிவிட்டால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். பதின்மூன்றாம் நாள் முடிந்த பிறகு பழையபடி வாசலிலிருந்து உள்ளே போய்விடுவார்கள். இதெல்லாம் அவருக்குப் பழகிப்போன விஷயம். பழகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் விஷ்ணுப்ரியாவுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதுதான் பழகவில்லை என்று தெரிந்தது. ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் பேசி, சிரித்து, எல்லாம் ஆன பிறகு பையனின் அம்மா யாரிடமோ பெண்ணின் அப்பா பார்க்கும் வேலையை விசாரித்திருக்கிறாள். அப்புறம் அவர்கள் பக்கத்திலிருந்து பேச்சில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள் வழக்கம்போல ஆபீஸுக்குப் போய் வந்தாள். அவர் மனைவி சாவித்ரிதான் ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: இனிமேல் நீங்கள் சுபமும் பண்ண ஆரம்பிக்க வேண்டும், மந்திரம் தெரியாதா என்ன, அதற்கென்று தனியாக ஒரு நம்பர் வாங்குங்கள், பழைய நம்பரைப் பார்த்தாலே ஜனங்களுக்கு மயானம்தான் ஞாபகம் வருகிறது என்று. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படித்தான் அவர் பழவங்காடியில் அனீஷின் மொபைல் கடைக்குப் போனார். கையில் இருந்த பட்டன் போனுக்கு வயதாகி, எதிராளி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இரண்டு சிம் போடும் போன் ஒன்றை வாங்கினார். அனீஷ் பழைய சிம்மைப் பார்த்துச் சிரித்து, அதைக் கட்டரில் வைத்துச் சின்னதாக வெட்டி, புதிய நம்பரின் சிம்மோடு சேர்த்துத் தட்டில் உட்கார வைத்து உள்ளே தள்ளினான். செட்டிங்ஸுக்குள் போனதும் கேள்விகள் ஆரம்பித்தன. நெட் எந்த நம்பரில் ஓட வேண்டும்? புதிய நம்பரில், டேட்டா பேக் அதில்தான் போட்டிருக்கிறது. பழைய நம்பரில் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் இருக்கிறது. சரி, மொபைல் டேட்டாவுக்குப் புதியது. கூப்பிடும்போது எந்த நம்பர்? ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும் என்று வைத்தான்.

"ஸ்வாமீ, ரெண்டு சிம்முக்கும் ஓரோ பேரு இடணும். கால் வரும்போ அந்தப் பேரு மேலே காணும், ஏது நம்பருக்கு வந்ததுன்னு அப்போத்தன்னே அறியும். எந்து பேரு இடணும்?"

எந்த சிம்முக்கு என்ன பேர் வைப்பது என்று கல்யாணராமன் கொஞ்சம் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். புதியதற்கு சுபம், பழையதற்கு அபரம் என்றார். அனீஷ் மலையாளத்திலேயே தட்டினான். ஒன்றுக்குப் பச்சை நிறம், இன்னொன்றுக்குச் சிவப்பு. தன் போனிலிருந்து இரண்டு நம்பருக்கும் கூப்பிட்டுக் காட்டினான். திரையில் ஒரு தடவை சுபம் என்று வந்தது, அடுத்த தடவை அபரம் என்று வந்தது. கல்யாணராமனுக்கு ரொம்ப திருப்தி.

கிளம்பும்போது அனீஷ் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினான். இந்த போனில் ஒரு நம்பரில் பேசிக்கொண்டிருக்கையில் இன்னொரு நம்பருக்கு யாராவது கூப்பிட்டால் மணியே அடிக்காது. போன் அணைந்திருக்கிறது, எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று கூப்பிட்டவருக்குச் செய்தி வரும். அதேபோல பழைய நம்பரில் பேசும் நேரத்துக்குப் புதிய நம்பரின் நெட் நின்றுவிடும், வைத்த பிறகு தானே வந்துவிடும், பயப்பட வேண்டாம். கல்யாணராமன் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிற்பாடு அவர் பொய் சொல்வதற்கு வேண்டிய சாமான் முழுவதும் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது.

சொல்ல வேண்டியது இன்னொருவரைப் பற்றி. பக்கத்துத் தெரு நீலகண்டன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீலகண்டன் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் சாயோடு இருந்தார். ஊரே காலையில் கல்யாணராமன் முகத்தில் விழிக்கப் பயந்தபோது, இந்த மனுஷன் மட்டும் காலையில் எழுந்ததும் அவருக்கு போன் பண்ணுவார். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. "உன் குரலைக் கேட்டாச்சு, இனி நாள் நன்னா போகும்" என்று சொல்லி வைத்துவிடுவார். கேலிக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று கல்யாணராமன் கேட்டதில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அது அவருக்கு வேண்டியிருந்தது.

புதிய நம்பருக்கு முதல் நல்ல காரியத்தைப் பிடித்துக்கொடுத்ததும் நீலகண்டன்தான். கூட வேலை பார்த்தவரின் பெண் ஸ்மிதா, அவள் கணவன் சுமந்த். பட்டம் ஜங்ஷனைத் தாண்டி, உள்ளூர் என்கிற இடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வாத்தியார் வேண்டும் என்றபோது நீலகண்டன் இவர் பெயரையும் புதிய நம்பரையும் கொடுத்தார். வேறு எதையும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. சுபம் என்று பச்சையில் முதல் அழைப்பு வந்த அன்று கல்யாணராமன் போனைச் சாவித்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் திரையைப் பார்த்து, முந்தானையால் அதைத் துடைத்துக் கொடுத்தாள். இந்த ஒன்று நன்றாக நடந்துவிட்டால் அந்த ஃபிளாட்டிலேயே இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன, நாளைக்கு மகளைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் மனசுக்குள் கணக்கு ஓடியது.

அதற்குள் நீலகண்டனுக்கு நுரையீரல் மோசமாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். காலை போன் நின்றுபோனது. கல்யாணராமன் ஒரு தடவை போய்ப் பார்த்தார். மூச்சு வாங்க, நீலகண்டன் கிரகப்பிரவேசத்தைப் பற்றித்தான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. போகாததற்கு அவரிடம் காரணம் இருந்தது, ஆனால் அது சொல்லக்கூடிய காரணம் இல்லை. அவர்கள் வழக்கத்தில் முதல் நாள் தர்ப்பை எடுத்துக் கொடுத்த வாத்தியார்தான் பதின்மூன்று நாளும் முடித்துத் தர வேண்டும். நடுவில் ஒரு நல்ல காரியத்துக்குப் போனால் கூப்பிட்டவர்களே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நீலகண்டன் இந்த வாரம் போனால் காரியம் இவர் கையில்தான், கிரகப்பிரவேசமும் போச்சு. கிரகப்பிரவேசம் முடிகிற வரைக்கும் அவன் இருக்கட்டும் பகவானே என்று ஒரு நாள் சந்தியாவந்தனத்தின்போது வேண்டிக்கொண்டார். சிநேகிதன் பிழைக்கட்டும் என்று வேண்டவில்லை. அப்போதே அவருக்கு நாக்கு கசந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலையில், ஹோமம் எங்கே வைப்பது என்று பார்த்து வரலாம் என்று ஆட்டோவில் கிளம்பினார். சுமந்த் அனுப்பிய லொக்கேஷனைத் திறந்து, டிரைவருக்கு வலது இடது சொல்லிக்கொண்டே போனார். பட்டம் ஜங்ஷனைத் தாண்டியதும் மேப்பின் மேல் பக்கத்தில் ஒரு அழைப்பு வந்து விழுந்தது. சாய். பெயருக்குக் கீழே சிவப்பில் அபரம்.

நீலு போய்விட்டான் என்று நினைத்தார். அந்த நம்பரில் அந்தப் பையன் வேறு எதற்குக் கூப்பிடுவான்? கை தானாகவே போனின் பக்கவாட்டு பட்டனை அமுக்கியது. மணிச் சத்தம் நின்றது, அழைப்பு நிற்கவில்லை. சாய் என்ற பெயர் திரையில் அப்படியே இருந்தது. இதை எடுத்தால் நெட் நின்றுவிடும், மேப் நின்றுவிடும், டிரைவருக்கு வழி தெரியாது என்று ஒரு எண்ணம் வந்தது. அனீஷ் சொன்னது சரிதான், நின்றுதான் போகும். ஆனால் ஓரமாக நிறுத்தி இரண்டு வார்த்தை பேச எந்த மேப்பும் தடையில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பெயர் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை வந்தது. அப்போதும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, ஃபோன் எடுக்கலையா சாமி என்று மலையாளத்தில் கேட்டார். அது அப்படியொன்றும் முக்கியமில்லை என்றார் கல்யாணராமன்.

முக்கியமில்லை. அறுபது வருஷ சிநேகத்துக்கு அவர் வாயால் கொடுத்த பேர் அது.

ஃபிளாட்டில் ஸ்மிதா பாயசம் கொடுத்தாள். புகை வந்தால் மணி அடிக்கும் கருவியை அணைத்து வைக்க வேண்டும், அக்னி ஹாலின் நடுவே இருக்கட்டும், பால் காய்ச்சும் நேரம் இது என்றெல்லாம் அவர் சொல்ல, சுமந்த் பவ்யமாகக் கேட்டுக்கொண்டான். இவ்வளவு மரியாதையாகத் தன்னிடம் யாரும் சிரித்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் சட்டைப் பையிலிருந்த போன் கனத்துக்கொண்டே போனது. ஒரு சாவைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு புது வீட்டுக்குள் நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது சாயைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். எந்த நம்பரிலிருந்து என்று அது கேட்டது. பச்சையையும் சிவப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டால், பக்கத்துத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. சாவித்ரி மத்தியானம் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறாள்; மாமாவுக்கு மூச்சு ரொம்ப மோசம், ஆனால் ஞாபகம் இருக்கிறது என்றாள். கல்யாணராமனுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணம் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்தது. நீலு உயிரோடு இருந்தபோது வந்த போன் அது. பழைய நம்பரில் சாவு மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? புது போன் வாங்குகிற வரை இருந்தது அந்த ஒரே நம்பர். பால்காரனும் அதில்தான் கூப்பிட்டான், மகளும் அதில்தான் கூப்பிட்டாள், நீலு காலைதோறும் அதில்தான் கூப்பிட்டான். கடையில் நின்று சிவப்பில் பேர் வைத்தது இவர்.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எடுக்காததற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு முகம் கழுவினார், காபி குடித்தார், நாளைக்கு ஹோமத்துக்கு வேண்டிய சமித்துக் குச்சிகளை எடுத்து வைத்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

இனிப் போகாமல் இருக்க முடியாது. சாவித்ரி அவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். நாளைக்கு என்ன ஆகும் என்று அவளும் நினைத்திருப்பாள். அதைக் கேட்காமல் இருந்தாளே, அது போதும்.

நீலகண்டன் வீட்டு வாசலில் சாய் நின்றுகொண்டிருந்தான். அழுது முடித்த முகம். கல்யாணராமனைக் கண்டதும் இரண்டு படி இறங்கி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார்.

"காலம்பற நீ கூப்பிட்டியே, நான் அந்த இன்னொரு லைன்ல பேசிண்டிருந்தேன், கேட்டியா. இந்த போன்ல ஒண்ணுல பேசினா மத்ததுல வரது தெரியறதே இல்லை. ரெண்டு சிம் வச்சா இதாக்கும் கஷ்டம்."

சாய் அவரைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிங் போச்சு மாமா. நான் கூப்பிடலை, அப்பாதான் கூப்பிட்டார். என் போனை வாங்கிக் காதுல வச்சிண்டார். ரெண்டு தடவையும் முழுக்கக் கேட்டுண்டே இருந்தார்."

கல்யாணராமனுக்குப் பட்டனை அமுக்கிய விரல் எரிந்தது. இவர் ஆட்டோவில் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம், நீலு அங்கே மணியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இடையில் இருந்தது அந்த ஒரு பட்டன்தான்.

"லைனெல்லாம் ஒண்ணும் இல்லைடா" என்றார். "பார்த்தேன். உங்கப்பா போயிட்டான்னு நினைச்சேன். அப்படி நினைச்சும் எடுக்கலை."

சாய் உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"புது நம்பர்ல பண்ணட்டுமான்னு நான் கேட்டேன் மாமா. வேண்டாம்னுட்டார். அது நல்ல காரியத்துக்கு வாங்கின நம்பர், அதுல என் மூச்சு வாங்கற சத்தம் போக வேண்டாம், பழசுலயே போடுன்னார்."

"என்னத்துக்குடா கூப்பிட்டான்?"

"அப்பா உங்ககிட்ட சொல்ல நினைச்சது இது மாமா: நான் போனா நீ வராதே, உனக்கு நாளைக்குக் கிரகப்பிரவேசம், வேற வாத்தியாரை வச்சுக்கச் சொல்லி சாய்கிட்ட சொல்லியாச்சு, நீ கவலைப்படாமப் போயிட்டு வா. இதைச் சொல்லணும்னுதான். நீங்க எடுக்கலைன்னதும், பாவம், பயந்துண்டிருக்கான், நீயே சொல்லிடுன்னார்."

தெருவில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணராமன் சாயின் கையைப் பிடித்துக்கொண்டார். நானே பண்ணுகிறேன், கிரகப்பிரவேசம் கிடக்கட்டும், சுமந்துக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், உங்கப்பாவுக்கு என் கையால் பண்ணாமல் யார் பண்ணுவது என்று ஏதேதோ சொன்னார். சொல்லச் சொல்ல, அதுவும் தனக்காகக் கேட்பதுதான் என்று அவருக்கே தெரிந்தது. பதின்மூன்று நாள் உட்கார்ந்து மந்திரம் சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று பார்க்கிறார்.

சாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் இணங்கவும் இல்லை.

"வேற மாமா வந்துண்டிருக்கார். அப்பா கடைசியாச் சொன்னதை நான் மாத்த மாட்டேன்."

உள்ளே போனார். நீலகண்டனை வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. இந்த மாதிரிக் கூடங்களுக்குள் அவர் நுழைந்த கணமே எல்லோரும் எழுந்து வழி விடுவார்கள். தண்ணீர் எங்கே, எள் எங்கே, பெரிய பிள்ளை யார் என்று கேட்டுக்கொண்டே இவர் வேலையைத் தொடங்கிவிடுவார். அழுகிறவர்களை, இப்போ அழாதேங்கோ, முதல்ல இதைப் பண்ணுங்கோ என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறார். இன்றைக்கும் பழக்கத்தில் இரண்டு பேர் எழுந்து நகர்ந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டி, சுவரோரமாக மற்றவர்களோடு உட்கார்ந்தார்.

புது வாத்தியார் வந்தார். இளைஞர். கல்யாணராமனைக் கண்டு ஒரு நிமிஷம் தயங்கினார். சாய் ஏதோ சொன்னதும் தர்ப்பையை எடுத்து வைக்க ஆரம்பித்தார். கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், இவரையும் பார்த்தார்கள். வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் கல்யாணராமன் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். சாவு வீட்டில் வேலை இல்லாதவன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அழுகை வந்தது. அதட்ட ஆளில்லாததால் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் வந்து குனிந்தவன் சாய்தான். தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு அவர் தோளைத் தொட்டான்.

"மாமா, ஆத்துக்குப் போங்கோ. போய்க் குளிச்சுட்டுப் படுங்கோ. நாளைக்கு நல்லபடியாப் பண்ணணும்."

கல்யாணராமன் எழுந்தார். அந்தப் பையனுக்குத் தான் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவன் தனக்குச் சொல்லி அனுப்புகிறான். விடிந்தால் அந்தப் புது வீட்டுக்குப் போகத்தான் வேண்டும், அக்னி வளர்க்கத்தான் வேண்டும், சிரிக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு வழி இல்லை. போய் வா என்று சொல்லத்தான் நீலு கூப்பிட்டிருக்கிறான்.